லெஹங்கா இடுப்பில் நிற்காமல் இறங்குகிறதா? அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் முறை

பல கலி வைத்த லெஹங்காவில் எந்தக் குறை வந்தாலும் முதலில் அதை எடை போடுங்கள். எங்கள் கீழக்கரைப் பக்கம் வெளிநாடு போய் வருகிற ஆள் இல்லாத தெருவே கிடையாது, அதனால் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு ஏதாவது ஒரு வீட்டில் கட்டாயம் இருக்கும். அதில் பாவாடையைத் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொண்டு, அப்புறம் டேப்பை எடுங்கள். இரண்டு கிலோ பாவாடைக்குப் போதுமான பெல்ட், அதாவது இடுப்புப் பட்டி, நாலு கிலோ பாவாடைக்குப் போதாது. "கீழே ஏறி இறங்கி இருக்கிறது", "ஜிப் பிய்ந்துவிட்டது", "ஒரு பக்கம் சாய்கிறது" என்று என்னிடம் வருகிற புகார்களில் பாதிக்கு மேல் பெல்ட்டில்தான் போய் முடியும். ஓரத்தையோ ஜிப்பையோ தொடுவதற்கு முன்னால் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

கலி என்றால் மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கிற நீளத் துண்டு. எட்டு, பன்னிரண்டு, பதினாறு, அதற்கு மேலும் வைப்பார்கள். நான் சொல்லப்போகிற கணக்கெல்லாம் 16 கலிக்கானது. உங்களுடையது வேறு எண்ணிக்கை என்றால் அதை வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கட்டும்போது சரியாக இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்யாண வீட்டில் மானத்தை வாங்குவது இதுதான். போன வருடம் ஒரு மணப்பெண் வரவேற்புக்கு எடுத்த லெஹங்காவோடு வந்தாள். வேறு ஊரில் தைத்தது, 16 கலி, ராசில்க்கில் ஜர்தோசி வேலை. "அக்கா, வீட்டில் போட்டுப் பார்த்தேன், உம்மா காபி கொண்டு வருவதற்குள் முன்பக்கம் தரையில் கிடக்கிறது, நாடாவை இறுக்கினால் மூச்சு முட்டுகிறது" என்றாள். தராசில் 4 கிலோ 300 கிராம் காட்டியது. பெல்ட் ஒன்றரை இன்ச் அகலம், உள்ளே விறைப்புக்கு ஒரு மடிப்பு பக்ரம், அதற்குள் ஓடுகிற நாடா. அவ்வளவு எடையை அந்த ஒன்றரை இன்ச்தான் தூக்கிக்கொண்டிருந்தது.

பெல்ட்டை மேஜையில் நீட்டி அளந்தேன், 29½ இன்ச். அவள் இடுப்பு 29, ஆக அளவில் தவறு இல்லை. அவளையே கட்டச் சொல்லி, அரை மணி நேரம் கடைக்குள் நடக்கவிட்டு, உடம்பில் இருக்கும்போதே பெல்ட்டின் மேல் டேப்பைச் சுற்றினேன். 31 இன்ச். பெல்ட் இழுபட்டு ஒன்றரை இன்ச் நீண்டுவிட்டது.

அப்புறம் அவள் உடம்பை அளந்தேன். இதை நிறையப் பேர் செய்வதில்லை. இடுப்பில் ஒரு அளவு, புட்டத்தில் ஒரு அளவு எடுத்து முடித்துவிடுவார்கள். லெஹங்காவுக்குக் கட்டுகிற கோட்டிலிருந்து கீழே ஒவ்வொரு இன்ச்சுக்கும் ஒரு சுற்றளவு எடுக்க வேண்டும், மூன்று இன்ச் வரைக்கும் போதும். அவளுக்கு இடுப்புக்குச் சற்றுக் கீழே, கட்டுகிற இடத்தில் 29½, இரண்டரை இன்ச் கீழே 32. அதாவது ஒரு இன்ச் இறங்கினால் உடம்பு ஒரு இன்ச் பெரிதாகிறது. எடை தொங்குகிற பெல்ட், தன் சுற்றளவும் உடம்பின் சுற்றளவும் ஒன்றாகிற இடம் வரை இறங்கித்தான் நிற்கும். பெல்ட் ஒன்றரை இன்ச் நீண்டது, பாவாடை ஒன்றரை இன்ச் இறங்கியது. அவள் "தரையில் கிடக்கிறது" என்று சொன்னதும் அதே ஒன்றரை இன்ச்தான். இடுப்பும் புட்டமும் அதிகம் வித்தியாசப்படாத ஒல்லியான பெண் என்றால், அதே ஒன்றரை இன்ச் நீட்சிக்கு மூன்று இன்ச்கூட இறங்கும்.

பெல்ட் ஏன் நீண்டது என்று பிரித்துப் பார்த்தால் இரண்டு காரணம் கிடைத்தது. துணி மிச்சம் பிடிப்பதற்காகப் பெல்ட்டை அகலவாக்கில் வெட்டியிருந்தார்கள். கரைக்கு இணையாக ஓடுகிற பாவுநூல்தான் குறைவாக இழுபடும், அதனால் எடை தாங்குகிற பட்டி எதுவாக இருந்தாலும் நீளவாக்கில் வெட்ட வேண்டும். இரண்டாவது காரணம் பக்ரம். அது விறைப்பாக இருப்பது கஞ்சியாலும் பசையாலும்தான். நம் ஊர்க் கடற்கரைக் காற்றில், ஆள் நிறைந்த மண்டபத்தில், பிளவுஸுக்குக் கீழே வேர்வை ஊறினால் பக்ரம் சட்டை காலரை நனைத்தது மாதிரி தொய்ந்துவிடும். கடையில் கையில் பிடிக்கும்போது பலகை மாதிரி இருந்தது என்று நம்பிவிடக் கூடாது. ஒரு துண்டை வெட்டி ஈரக் கையால் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

நாடாவை இறுக்குவது ஏன் உதவவில்லை? நாடா இழுக்கும்போது பெல்ட் சுருங்கி மடிகிறது, மடிந்த பெல்ட்டுக்கு விறைப்பு போய்விடுகிறது, எடை முழுவதும் அந்தக் கால் இன்ச் கயிற்றுக்கு வந்து, அது இடுப்பை அறுக்கிறது. நாடாவை மேலே கட்டுகிற கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளலாம். எடையை அதன் தலையில் கட்டக் கூடாது.

சரி செய்த விதம் இப்படி.

பழைய பெல்ட்டை முழுவதும் பிரித்தேன். புதுப் பெல்ட்டுக்கு இரண்டரை இன்ச் அகலம் வைத்தேன். ஆனால் இரண்டரை இன்ச் அகலத்தில் நேர்ப்பட்டி வைத்தால் மேல் விளிம்பு சரியாக இருக்கும்போது கீழ் விளிம்பு உடம்பை இறுக்கும், கீழ் விளிம்பு சரியாக இருந்தால் மேலே விரல் போகிற இடைவெளி விழும். அதனால் பெல்ட்டை உடம்போடு வளைக்க வேண்டும். காகிதத்தில் 29½ நீளம், 2½ அகலத்தில் நேர்ப்பட்டி வரைந்து, கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பைத் தொடாமல் பத்து இடத்தில் சம தூரத்தில் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டையும் கீழே கால் இன்ச் விரித்து, அடியில் வேறு காகிதம் வைத்து ஒட்டினேன். பத்துக் கால் இன்ச் சேர்ந்து இரண்டரை, ஆகக் கீழ் விளிம்பு 32. பார்த்தால் லேசான பிறை மாதிரி இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிறை வடிவத்தை ஒரே துண்டாக வெட்டினால் நடுவில் நேர் நூலாகவும் இரண்டு நுனியிலும் சாய்வு நூலாகவும் வந்துவிடும், சாய்வு நூல் வந்த இடம் மறுபடியும் நீளும். அதனால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பக்கங்களுக்கு இரண்டு என்று நாலு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவையும் பாவுநூலின் மேல் வைத்து வெட்டினேன். உள்ளே பக்ரத்துக்குப் பதிலாகக் காடா துணி இரண்டு மடிப்பு, முதல் நாளே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டது. இரண்டு மடிப்பையும் சேர்த்து வைத்து, கால் இன்ச்சுக்கு ஒரு வரிசையாக நீளவாக்கில் தைத்துக்கொண்டே போனால் ஒன்பது வரிசை வரும். தைக்கத் தைக்கத் துணி இறுகி, கையில் எடுத்தால் மெல்லிய தோல் வார் மாதிரி இருக்கும். வேர்வை பட்டாலும் அது தொய்யாது, ஏனென்றால் விறைப்பு தையலில் இருக்கிறது, பசையில் கிடையாது. அதற்கு மேல் ராசில்க் மூடியது. அரை இன்ச் பருத்தி டேப்பை நனைத்துக் காயவைத்து, மேல் விளிம்புக்கு 29½, கீழ் விளிம்புக்கு 32 என்று துல்லியமாக வெட்டி, உள்பக்கத்தில் இரண்டு விளிம்பிலும் பிடித்துத் தைத்தேன்.

பாவாடையோடு சேர்ப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். பெல்ட்டில் 15 இன்ச் தூரத்துக்கு இரண்டு சாக்கட்டிக் கோடு போட்டு, ஆள் ஒருவரை மறுமுனையில் பிடிக்கச் சொல்லி நன்றாக இழுத்து அளந்தேன். ஒரு நூலுக்கு மேல் நீண்டால் அந்தப் பெல்ட் போதாது, உள்துணியை மாற்ற வேண்டும். (ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், தையல் கற்றவர்களுக்குத் தெரியும்.) எங்களுடையது அரை நூல் கூட நகரவில்லை.

அதே பாவாடையில் அடுத்த கேள்வி: பழைய கலிகள் புதுப் பெல்ட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

கலிகளின் மேல் சுற்று 29½, பெல்ட்டின் கீழ் விளிம்போ 32. இரண்டரை இன்ச் குறைகிறது. பதற வேண்டாம். அவளுடைய கலி ஒவ்வொன்றும் மேலே சுமார் 1.85 இன்ச், கீழே 14 இன்ச், நீளம் 38. அதாவது ஒரு இன்ச் கீழே இறங்கினால் ஒரு கலி கிட்டத்தட்ட 0.32 இன்ச் அகலமாகிறது, 16 கலிக்குமாக ஐந்து இன்ச்சுக்கு மேல். ஆக, பெல்ட் தைக்கிற கோட்டை அரை இன்ச் கீழே இறக்கினாலே இரண்டரை இன்ச் கிடைத்துவிடும். அப்படியே செய்தேன், துல்லியமாக உட்கார்ந்தது. பெல்ட் ஒரு இன்ச் அகலமானது, கலி அரை இன்ச் குறைந்தது, கணக்கில் அரை இன்ச் நீளம் கூடுகிறது என்பதால், முதலிலேயே அவள் உடம்பில் கட்டுகிற கோட்டைப் பழைய இடத்தைவிட அரை இன்ச் மேலே போட்டு, அங்கிருந்துதான் 29½ அளந்திருந்தேன்.

இதே கணக்குதான் எதிர்ப்பக்கமாகப் பலரையும் கவிழ்க்கிறது. "நீளம் ஒரு இன்ச் கூடுதல், கீழே பார்டர் இருக்கிறது, மேலே வெட்டிவிடலாம்" என்று வெட்டுவார்கள். நீளம் ஒரு இன்ச் குறையும்போது இடுப்பு ஐந்து இன்ச் பெருத்துவிடும். அப்புறம் அதைச் சுருக்கு வைத்து பெல்ட்டுக்குள் தள்ளுவார்கள், இடுப்பில் மூட்டை கட்டியது மாதிரி இருக்கும். மேலே வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், வெட்டிய பிறகு ஒவ்வொரு கலித் தையலையும் மேலிருந்து எட்டு, பத்து இன்ச் தூரத்துக்குச் சாய்வாக உள்ளே பிடித்துக்கொண்டு வர வேண்டும். 16 தையலில் ஐந்து இன்ச் என்றால் ஒரு தையலுக்கு இரண்டரை நூல், துணியின் ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் நூல். மேலே அவ்வளவு, கீழே போகப் போகப் பூஜ்யம். புட்டத்தில் இறுக்காமல் இருக்கிறதா என்று கச்சா தையல் போட்டுப் பார்த்துவிட்டு மெஷினில் ஓட்டுங்கள்.

அறிகுறி: கலிகளை இணைத்து முடித்தால் இடுப்பு பெரிதாகவோ சின்னதாகவோ வருகிறது

வெட்டும்போது சரியாகத்தானே வெட்டினோம் என்று தோன்றும். குற்றம் தையல் பிடிப்பில். அரை இன்ச் பிடிக்க வேண்டிய இடத்தில் அரை நூல் குறைத்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையலுக்கு இரண்டு துணி, 16 தையலுக்கு 32 விளிம்பு. 32 தடவை அரை நூல் என்றால் இரண்டு இன்ச். எட்டு கலிப் பாவாடையில் ஒரு இன்ச்சாகப் போய்விடுகிற தவறு இங்கே இரண்டாகிறது.

கண்டுபிடிக்க வழி: நாலு கலி இணைத்தவுடன் நிறுத்தி மேல் விளிம்பை அளங்கள். இரண்டு ஓரத்திலும் இன்னும் பிடிக்காத அரை இன்ச்சைக் கழித்தால் இடுப்பில் கால் பங்கு வர வேண்டும். வந்தால் அடுத்த நாலு. நாலு நாலாக நாலு கட்டுகள் தைத்து அளந்த பிறகு ஒன்றாக இணைத்தால், தவறு எந்தக் கட்டில் என்று உடனே தெரியும், 16 தையலையும் பிரிக்க வேண்டியதில்லை. மெஷின் பலகையில் ஊசியிலிருந்து அரை இன்ச்சில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டு அதை ஒட்டித் துணியை ஓட்டினால் பிடிப்பு மாறாது.

தைக்கும் திசையும் முக்கியம். இரண்டு நுனியிலும் முதலில் குண்டூசி குத்தி, பார்டர் பொருந்துகிறதா என்று பார்த்து, கீழிருந்து மேலே, அதாவது அகலத்திலிருந்து குறுகலுக்குத் தையுங்கள். எல்லாக் கலிக்கும் அதே திசை. ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாற்றி மாற்றி ஓட்டினால் சாய்ந்த விளிம்பு ஒரு பக்கம் இழுபட்டு, தையல் முறுக்கிக்கொண்டு நிற்கும். வெல்வெட்டாக இருந்தால் வெட்டும்போதே கவனம் வேண்டும். துணி மிச்சத்துக்காகக் கலிகளைத் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கி வெட்டுவது வழக்கம்தான், வெல்வெட்டில் அப்படிச் செய்தால் ஒரு கலி கறுத்தும் ஒன்று வெளுத்தும் தெரியும், அதற்குத் தையலில் மருந்து கிடையாது.

அறிகுறி: கீழ் ஓரம் ஏறி இறங்கி இருக்கிறது

கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். போட்டுக்கொள்ளப் போகிறவரை, அன்று போடப் போகிற செருப்போடு நிற்கவைத்து, தரையிலிருந்து ஒரு ஸ்கேலை நிறுத்தி, ஒவ்வொரு தையலிலும் ஒவ்வொரு கலியின் நடுவிலும் ஓரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சுற்றி வந்து குறியுங்கள். 32 அளவு வரும், பத்து நிமிட வேலை. அந்த அளவுகள் எப்படி மாறுகின்றன என்பதில்தான் விடை இருக்கிறது.

தையலில் தாழ்ந்தும் கலியின் நடுவில் உயர்ந்தும், அலை அலையாக 16 தடவை வந்தால், துணி இழுபட்டிருக்கிறது. கலியின் நடுவில் நேர் நூல், இரண்டு ஓரத்திலும் சாய்வு நூல், சாய்வு நூல் எடைக்கு நீளும். இது எல்லாக் கலிப் பாவாடையிலும் வருவதுதான், அதனால் பெல்ட் வைத்த பிறகு குறைந்தது ஒரு ராத்திரி முழுக்க, முடிந்தால் இரண்டு நாள், பெல்ட்டைப் பிடித்துத் தொங்கவிட்டு நீள வேண்டியது நீண்ட பிறகுதான் ஓரம் சமன் செய்ய வேண்டும். அவசரத்தில் அன்றைக்கே ஓரம் மடித்துக் கொடுத்தால் கல்யாணத்தன்று அலை அடிக்கும். கீழே வேலைப்பாடு இருந்து வெட்ட முடியாது என்றால், தாழ்ந்த தையல்களை மட்டும் பிரித்து, நீண்ட துணியை லேசாகத் தளர்த்தி, அளந்து வெட்டிய மெல்லிய டேப்போடு சேர்த்துத் திரும்பத் தைக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் நிற்கும்.

அளவுகள் மெதுவாக மாறி, முன்னால் தாழ்ந்து பின்னால் உயர்ந்து, அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால், துணியில் குறை இல்லை. உடம்பின் அமைப்போ பெல்ட்டோதான். முதலில் பெல்ட் தரைக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் பெல்ட்டே ஒரு இன்ச் இறங்கியிருந்தால் மேலே சொன்ன சோதனைக்குத் திரும்பிப் போங்கள். பெல்ட் நேராக இருந்தும் பின்னால் உயர்கிறது என்றால் புட்டம் துணியை எடுத்துக்கொள்கிறது, முன்பக்கக் கலிகளை மட்டும் பெல்ட்டுக்குள் அந்த அளவு மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும். ஏற்றும்போது இடுப்பு பெருக்கும் என்பதை மறக்க வேண்டாம், ஏற்றிய இடத்துத் தையல்களைக் கொஞ்சம் உள்ளே பிடியுங்கள்.

அறிகுறி: கேன்கேன் இடுப்புக்குக் கீழே மேடை மாதிரி புடைக்கிறது, அல்லது காலுக்கு நடுவே ஒட்டிக்கொள்கிறது

நம் மணப்பெண்ணின் லெஹங்காவில் கேன்கேனுக்காக வைத்த நாலு மடிப்பு நெட்டையும் சுருக்கி நேராகப் பெல்ட்டுக்குள் சொருகியிருந்தார்கள். பெல்ட் உடம்பில் படாமல் வெளியே தள்ளிக்கொண்டு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். பெல்ட் எடை தாங்க வேண்டுமானால் சுற்றிலும் உடம்பைத் தொட வேண்டும், நடுவில் நெட் குவியல் இருந்தால் எப்படித் தொடும்?

நெட் முழுவதையும் பிரித்து எடுத்து லைனிங்கில் வைத்தேன். லைனிங் எட்டு கலி, மேலே 32, கீழே 108 இன்ச், நடப்பதற்குத் தடையில்லாத அகலம். பெல்ட்டிலிருந்து ஒன்பது இன்ச் வரை நெட்டே கிடையாது. ஒன்பதாவது இன்ச்சில் முதல் வரிசை, பதினெட்டில் இரண்டாவது, இருபத்தேழில் மூன்றாவது. முதல் இரண்டும் 12 இன்ச் உயரம், அதனால் ஒவ்வொரு வரிசையும் அடுத்ததன் தலையில் மூன்று இன்ச் ஏறி நிற்கும், ஒன்றை ஒன்று தாங்கும். கடைசி வரிசை 9½ இன்ச், ஓரத்துக்கு ஒரு இன்ச் மேலேயே முடிந்துவிடும், வெளியே எட்டிப் பார்க்காது. மேல் இரண்டு வரிசைக்கும் லைனிங் சுற்றளவைப் போல ஒன்றரை மடங்கு நெட், கடைசி வரிசைக்கு இரண்டு மடங்கு. சுருக்கு மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருந்தால் பாவாடை மணி மாதிரி விரியும். மேலே இரண்டு மடங்கு சுருக்கினால்தான் அந்த மேடை விழுகிறது.

நெட்டை லைனிங்கின் வெளிப்பக்கத்தில், அதாவது ராசில்க்கைப் பார்க்கிற பக்கத்தில் தைக்க வேண்டும். அப்போது காலில் லைனிங்தான் படும். கீழ் விளிம்பை சாட்டின் ரிப்பனால் மூடுங்கள், இல்லாவிட்டால் அந்த முள் விளிம்பு மேல்துணியின் உள்பக்கத்து ஜர்தோசி நூல்களைப் பிடித்து இழுக்கும். நான் பிரித்தபோது இரண்டு இடத்தில் நூல் அறுந்து, கம்பிச் சுருள் நெட்டின் கண்ணில் மாட்டிக்கொண்டு தொங்கியது. ஊசி முனையால் அதைப் பிரித்தெடுத்து, உள்பக்கமாக முடிச்சுப் போட்டு நிறுத்தினேன்.

காலுக்கு நடுவே ஒட்டுவது வேறு நோய். நெட் மெத்தென்று இருக்கிறது, அல்லது மேல்துணியின் எடைக்கு அது போதவில்லை. ஒரு பிடி நெட்டைக் கையில் கசக்கி விடுங்கள், உடனே திரும்ப விரிய வேண்டும். கசங்கியே கிடந்தால் அந்த நெட் நாலு கிலோவைத் தள்ளி நிற்காது. அதற்காக நெட்டை மேலும் மேலும் அடுக்குவது தவறு, அடுக்க அடுக்க எடை பெல்ட்டுக்குத்தான் வருகிறது. விறைப்பான நெட்டாக மாற்றி, மேல்துணியின் ஓரத்தில் உள்பக்கமாக மூன்று இன்ச் கேன்வாஸ் பட்டி கொடுத்தால் ஓரம் தானாக விலகி நிற்கும். இவள் பாவாடையில் நாலு மடிப்பைப் பிரித்து மூன்று வரிசையாக்கியதில் 300 கிராம் குறைந்து, தராசு சரியாக 4 கிலோ காட்டியது, சுற்று முன்பைவிட நன்றாக விரிந்தது.

மூட்டை கட்டி வைத்து நெட் மடிந்துபோயிருந்தால் இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்காதீர்கள், உருகிவிடும். தொங்கவிட்டு, ஒரு சாண் தள்ளி ஆவி காட்டினால் விரியும்.

அறிகுறி: ஜிப் பிய்கிறது

ஜிப் எடை தாங்குவதற்கில்லை, திறப்பை மூடுவதற்கு மட்டும். ஜிப்பைப் பெல்ட்டின் உச்சி வரை கொண்டுபோனால் இழுவை முழுவதும் அதன் பல்லுக்கு வரும். பெல்ட்டுக்குக் கீழே ஆரம்பித்து, எட்டு இன்ச்சாவது இறங்க வேண்டும். பெல்ட்டில் ஒன்றரை இன்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி நாக்கு விட்டு, பேண்ட்டுக்கு வைக்கிற பெரிய கொக்கி இரண்டை மேலும் கீழுமாக வையுங்கள், காடா துணி வரை ஊசி போகும்படி. மேல்துணியில் மட்டும் தைத்த கொக்கி முதல் நாளே துணியோடு வந்துவிடும். முதலில் கொக்கி, அப்புறம் ஜிப் என்று மாட்டச் சொல்லிக் கொடுங்கள், ஜிப்பை முதலில் இழுத்தால் அந்த ஒரு நிமிடம் மொத்த எடையும் அதில்தான் தொங்கும்.

அறிகுறி: பெல்ட்டில் பழுப்புக் கறை

துரு. நம் கரையோரத்தில் இது அடிக்கடி வரும், வாடைக்காற்று மாதங்களில் இன்னும் மோசம். கறை ராசில்க்கில் ஏறிவிட்டால் எடுப்பது கஷ்டம், எடுக்கிற மருந்து சாயத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பித்தளைக் கொக்கியோ, நல்ல முலாம் போட்டதோ வாங்குங்கள், ஜிப் பிளாஸ்டிக் பல்லாக இருக்கட்டும். குண்டூசியை ராத்திரி துணியிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாம்பன் பக்கம் வீட்டிலேயே தைக்கிற ஒரு அக்கா, தொங்கவிட்ட பாவாடையில் ஓரம் குறித்த ஊசிகளை மூன்று நாள் அப்படியே விட்டதில், கீழ் ஓரம் முழுக்க வரிசையாகப் புள்ளி விழுந்து, கடைசியில் அதன் மேல் சுற்றிலும் லேஸ் வைத்து மறைக்க வேண்டியதாயிற்று. ஓரத்தைச் சாக்கட்டியால் குறித்து, கச்சா தையல் போட்டு வையுங்கள். தொங்கவிடும்போது ஜன்னலைச் சாத்தி, மேலே ஒரு பழைய பருத்திச் சேலையைப் போர்த்திவிடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிக் கொக்கி இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அந்த மணப்பெண் கடைசித் தடவை போட்டுப் பார்த்தபோது மறுபடியும் அரை மணி நேரம் நடக்கவிட்டேன், இரண்டு தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னேன், மாடிப்படி ஏறி இறங்கவும் சொன்னேன். உடம்பிலேயே பெல்ட்டை அளந்தால் 29½. ஓரம் தரையிலிருந்து முக்கால் இன்ச், சுற்றிலும். நாடாவைக் கட்டவே இல்லை, உள்ளே சுருட்டிச் சொருகி வைத்துக்கொண்டாள்.